பப்டி மறையும்வரை சேவ்

பானி பூரியில் எத்தனை கலோரி என்று இணையத்தில் தேடினால் ஒரே கேள்விக்குப் பத்துப் பதில்கள் வரும். ஒரு பூரிக்கு 12 என்று ஒருவர் சொல்வார், 35 என்று இன்னொருவர், 100-க்கு மேல் என்று மூன்றாமவர். உணவைக் குறித்துவைக்கும் ஆப்களில் ‘பானி பூரி, 1 பிளேட்’ என்று ஐந்தாறு பதிவுகள் இருக்கும், ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசத்தில். இதைப் பார்த்துச் சலித்துப்போய், ‘எண்ணெயில பொரிச்சதுதானே, எல்லாம் கெடுதல்’ என்று ஒதுங்குகிறவர்கள் ஒரு பக்கம். ‘பேல் பூரி வெறும் பொரிதானே, லைட்’ என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஒரு தட்டு சாட்டில் என்ன இருக்கிறது என்பது பெரிய மர்மம் இல்லை. நாலைந்து பொருள்கள்தான், ஒவ்வொன்றின் எடை தெரிந்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு ஏன் இவ்வளவு குழப்பம்? குழப்பம் எங்கே பிறக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், பானி பூரி, பேல் பூரி, சேவ் பூரி மூன்றையும் நாம் மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் விதமே பெரும்பாலும் தலைகீழ் என்று தெரிகிறது.

மும்பைத் தள்ளுவண்டியை வைத்தே பேசுகிறேன். இந்த மூன்றுக்கும் பேர்போனவை கிர்காவ் சௌபாட்டி, ஜூஹு கடற்கரைப் பக்கத்து வண்டிகள். சென்னை வண்டிகளுக்கு எங்கே மாறுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு பூரிக்குள் எவ்வளவு எண்ணெய்

முதலில் காலிப் பூரி. மும்பை பானி பூரிக்கான பூரி பெரும்பாலும் ரவையில், கொஞ்சம் மைதா சேர்த்துச் செய்வது. வண்டிக்காரர் அதைப் பொரிப்பதில்லை. பெரிய பிளாஸ்டிக் மூட்டைகளில் பொரித்தே வருகிறது. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். எடை சுமார் 4 கிராம். சற்றுப் பெரிதாக இருந்தால் 5, 6 வரை போகும்.

வீட்டில் செய்தால் கணக்கு இப்படி வரும். 100 கிராம் ரவையைச் சுமார் 50 மில்லி தண்ணீர் விட்டு இறுக்கமாகப் பிசைந்து, ஊறவைத்து, மெல்லிசாகத் தேய்த்து வெட்டினால் கிட்டத்தட்ட 30 பூரி. பொரிக்கும்போது மாவில் இருந்த தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. அந்த இடத்தின் ஒரு பகுதியை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. நன்றாகப் பொரிந்த பூரியின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய் இருக்கும். 30 பூரிக்குச் சுமார் 30 கிராம். ரவை 100 கிராமுக்கு 335 கலோரி, எண்ணெய் 30 கிராமுக்கு 270 கலோரி, ஆக 605. முப்பதால் வகுத்தால் பூரிக்கு 20.

இந்த இடத்தில்தான் இணையத்து எண்கள் பிறக்கின்றன. சமையல் குறிப்பை ஒரு கணக்குப் பக்கத்தில் அப்படியே ஏற்றுகிறவர், ‘பொரிக்க எண்ணெய் - தேவையான அளவு’ என்ற வரியை விட்டுவிட்டால் 335-ஐ முப்பதால் வகுத்துப் பூரிக்கு 11 என்று வரும். வாணலியில் ஊற்றிய அரை லிட்டர் எண்ணெயையும் சேர்த்து ஏற்றினால், அந்த எண்ணெய் மட்டுமே 4,100 கலோரிக்கு மேல், பூரிக்குக் கிட்டத்தட்ட 150 என்று வரும். ஒரே குறிப்பு, ஒரே பூரி, 11-ம் 150-ம். வாணலியில் மிஞ்சிய எண்ணெய் பூரிக்குள் போகவில்லை என்ற ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். வீட்டில் சரிபார்க்க நினைப்பவர்கள் பொரிக்கும் முன் எண்ணெயோடு வாணலியை நிறுத்துக்கொண்டு, பொரித்து முடித்து முழுக்க ஆறிய பிறகு மறுபடி நிறுக்கலாம். குறைந்த எடைதான் பூரிக்குள் போனது. தாளில் ஊறியதையும், கரண்டியில் ஒட்டியதையும், அடியில் தங்கிய மாவுத் தூளையும் மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொரு பொதுவான தவறு, கடையில் விற்கும் பொரிக்காத பூரி வில்லைப் பாக்கெட். அதன் பின்னால் அச்சிட்டிருக்கும் கலோரி பொரிப்பதற்கு முன்னால் உள்ள வில்லைக்கானது. எண்ணெய் அதில் இல்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பொரித்த பூரியை நிறுத்துக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். பொரித்தே விற்கும் பாக்கெட்டில் இருக்கும் எண் சரியானது. அதில் 100 கிராமுக்கு 500-ஐ ஒட்டி இருக்கும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கிறது. ரவைக்கு 1,400-ஐ ஒட்டிய எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 4.184-ஆல் வகுத்தால் 335 வந்துவிடும். அந்த அட்டவணை மூலப் பொருள்களுக்கானது, அதில் பானி பூரியைத் தேடினால் கிடைக்காது.

பூரி எண்ணெய் குடிப்பது வாணலிக்குள் இருக்கும்போதுதான் என்று பலர் நினைக்கிறோம். உள்ளே நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய்க்கு நுழைய வழி குறைவு. வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எடுத்த கையோடு ஜல்லிக்கரண்டியில் சாய்த்து வடியவிட்ட பூரிக்கும், எடுத்துக் குவித்துப் போட்ட பூரிக்கும் வித்தியாசம் வருவது இதனால். பழைய, கெட்டியான எண்ணெய் மேலே அதிகமாக ஒட்டும். ஆனாலும் இந்த வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. எண்ணெய் 20 சதவீதம் என்றாலும் 30 சதவீதம் என்றாலும், காய்ந்த பொரித்த பூரி ஒரு கிராமுக்கு 4.9-இலிருந்து 5.4 கலோரிக்குள்தான் நிற்கும். ஏனென்றால் எண்ணெய் குறைந்த இடத்தில் மாவு வந்து உட்கார்ந்துகொள்கிறது, மாவும் சும்மா இல்லை. பொரித்தது எதுவானாலும் கிராமுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் தவறு பெரிதாக வராது. பழைய எண்ணெயின் கெடுதல் கலோரியில் இல்லை, அது வேறு கதை. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. மூட்டையைத் திறந்ததும் காறல் வாடை அடித்தால் பூரியைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஐந்து, நாலு, இரண்டு, ஒன்று

இதே கணக்கை மற்றப் பொருள்களுக்கும் நீட்டினால், சாட் வண்டியில் இருக்கும் எல்லாமே நாலு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. பொரித்தவை எல்லாம் கிராமுக்கு ஐந்து. பூரி, தட்டை மாதிரியான பப்டி, காராபூந்தி, பொரித்த கடலைப்பருப்பு எல்லாம் இதில் சேரும். வேர்க்கடலையும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஓமப்பொடி மாதிரியான சேவ் மட்டும் கொஞ்சம் கூட, ஐந்தரை. பொரி கிராமுக்கு நாலு. அது காய்ந்த அரிசி, எண்ணெய் கிடையாது. புளி, வெல்லம், பேரீச்சம்பழம் போட்ட இனிப்புச் சட்னி கிராமுக்கு இரண்டு. வெந்த உருளைக்கிழங்கும், ரக்டா என்கிற வெந்த வெள்ளைப் பட்டாணியும், முளைகட்டி வேகவைத்த பாசிப்பயறும் கிராமுக்கு ஒன்று. வெங்காயம், தக்காளி, மாங்காய், பச்சைச் சட்னி, புதினா பானி இவற்றுக்குத் தட்டுக்கு மொத்தமாக ஒரு பத்து போட்டால் போதும்.

இனிப்புச் சட்னியின் இரண்டு என்பது சற்றுக் கெட்டியான சட்னிக்கு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தேன்போல இறங்கி, கரண்டியின் பின்புறத்தில் ஒரு படலம் விட்டுப் போனால் இரண்டு சரி. தண்ணீர்போல ஓடினால் ஒன்றேகால், ஒன்றரை. ஒரு மேசைக்கரண்டி கெட்டிச் சட்னி 20 கிராம் இருக்கும். 40 கலோரி, அதாவது இரண்டு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். புளிப்பும் காரமும் மேலே நிற்பதால் இவ்வளவு இனிப்பு உள்ளே இருப்பது நாக்குக்குத் தெரிவதில்லை.

இனி பானி பூரித் தட்டு. மும்பையில் தட்டுக்கு ஆறு. பூரி 24 கிராம், கலோரி 120. ஒவ்வொன்றுக்குள்ளும் 12 கிராம் ரக்டாவோ பயறோ உருளையோ என்று வைத்தால் 72 கிராம், 72 கலோரி. இனிப்புச் சட்னி ஒவ்வொன்றுக்கும் அரை டீஸ்பூன், 3 கிராம், ஆறுக்கு 18 கிராம், 36 கலோரி. புதினா பானி ஆறு பூரிக்கும் சேர்த்து 130 மில்லி, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கூட்டினால் 228. பூரிக்கு 38. ‘பொரித்தது, கெடுதல்’ என்று முதல் ஆளாக ஒதுக்கப்படும் பானி பூரி, உண்மையில் இவ்வளவுதான். அந்த ஆறு பூரிக்குள் இருக்கும் எண்ணெய் 6 கிராம், ஒன்றேகால் டீஸ்பூனுக்குச் சற்று மேல்.

ஆப்பில் ‘100 கிராமுக்கு’ என்று பதிவிடுகிறவர்கள் விழும் பள்ளமும் இங்கேதான். பானி நிறைந்த ஒரு பூரி 40 கிராம் வரும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆறு பூரி 240 கிராம். ஆப்பில் கிடைக்கும் பதிவு காலிப் பூரிக்கானதாக இருந்தால் 100 கிராமுக்கு 500 என்று இருக்கும். 240 கிராம் என்று அடித்தால் 1,200 கலோரி வந்து நிற்கும். 228-ஐ 1,200 ஆக்கிவிட்டு, அன்று ராத்திரிச் சாப்பாட்டை ஒருவர் தியாகம் செய்யக்கூடும். தண்ணீரோடு சாப்பிடும் எந்தப் பண்டத்தையும் மொத்த எடையில் கணக்கிடக் கூடாது, பகுதி பகுதியாகத்தான் கணக்கிட வேண்டும்.

சேவ் பூரியைப் பிரித்துப் பார்த்தால்

அடுத்தது சேவ் பூரி. அது செய்யப்படுவதை ஒரு தடவை கண்ணெடுக்காமல் பாருங்கள். தட்டில் ஆறு பப்டி வட்டமாக உட்காருகிறது. நம்மூர்த் தட்டையைவிட மெல்லிசு, மைதாவில் செய்து உப்பாமல் இருக்க முள்கரண்டியால் குத்திப் பொரித்தது, ஒன்று சுமார் 5 கிராம். மேலே பிசைந்த உருளைக்கிழங்கை விரலால் கிள்ளிக் கிள்ளி வைக்கிறார். பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி. பிறகு மூன்று சட்னியும் மூன்று வீச்சில் விழுகின்றன. பச்சை, பூண்டு போட்ட சிவப்பு, கடைசியில் புளி இனிப்பு. சாட் மசாலாவைத் தூவுகிறார். அதன்பின் பக்கத்து டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி சேவை அள்ளி, தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்திலிருந்து உதிர்க்கிறார். உருளை மறைகிறது, சட்னி மறைகிறது, பப்டி மறைகிறது. மஞ்சளாக ஒரு சின்னக் குன்று. அதன்மேல் கொத்தமல்லி, மாங்காய்த் துண்டு.

கணக்கு முழுக்க அந்தக் கடைசிப் பிடியில்தான் மாறுகிறது. சேவ் பூரிக்குப் போடுவது ‘நைலான் சேவ்’ என்கிற மிக மெல்லிய ரகம், ஓமப்பொடியைவிடவும் மெலிது. கடலை மாவில் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து, எண்ணெயில் பொரித்தது. இழை எவ்வளவு மெலிதோ, அதே எடை மாவுக்கு எண்ணெய் படும் பரப்பு அவ்வளவு அதிகம். அதனால் பூரியில் கால் பங்காக இருந்த எண்ணெய் இதில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடுகிறது. காற்றோட்டமாக, பஞ்சுபோல இருப்பதால் கண்ணுக்கு எடையே தெரியாது. பப்டிகள் மறையும் அளவுக்குப் போட்டால் 25 கிராமுக்கு மேல் போயிருக்கும்.

ஒரு தட்டை எடுத்துக் கணக்கிடுவோம். பப்டி 30 கிராம், 150 கலோரி. சேவ் 27 கிராம், 150 கலோரி. உருளை 60 கிராம், 60. இனிப்புச் சட்னி 24 கிராம், 48. மற்றவை 10. மொத்தம் 418. தட்டில் இருப்பதும் ஆறுதான், பானி பூரியும் ஆறுதான், இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண்ணெயை மட்டும் பார்த்தால் பப்டியில் ஏழரை கிராம், சேவில் சுமார் 10 கிராம், சேர்த்து நாலு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. பானி பூரியோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். அலங்காரம் மாதிரி மேலே தூவிய சேவும், அந்தப் பண்டத்தின் உடம்பான ஆறு பப்டியும் சரிசமம். எதை எல்லோரும் குறை சொல்கிறார்களோ அந்த உருளைக்கிழங்கு 60-ஓடு நின்றுவிட்டது. ‘பையா, உருளை கம்மியாப் போடுங்க’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் தட்டில் கனமில்லாததைக் குறைத்துவிட்டு, கனமுள்ளதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், கஷ்டமில்லை. சேவ் பூரியைப் பார்சல் கேட்டால் பப்டி, உருளை மசாலா, சட்னிகள், சேவ் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பப்டி நமுத்துவிடும். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்துவிடலாம். பார்சலில் சேவ் சற்றுக் கூடுதலாகக் கட்டுவது உண்டு என்பதால், தட்டில் விழும் அளவுக்கு எடுத்துப் போட்டு மிச்சத்தை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள சாதாரணத் தராசில் ஒற்றைப் பூரியை வைத்தால் எண் நம்பத்தக்கதாக இருக்காது. 4 கிராம் பொருளில் ஒரு கிராம் தப்பினாலே கால் பங்கு போயிற்று. இருபது பூரியைச் சேர்த்து நிறுத்து இருபதால் வகுத்தால் சரியாக வரும். சில தராசுகள் மிகக் குறைந்த எடை விழுந்தால் அசையவே அசையாது. முதலில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு அதில் போட்டால் காட்டும்.

தஹி பூரி, சேவ் பூரிக்கும் ஒரு படி மேலே. உருண்டைப் பூரிதான், பானிக்குப் பதில் தயிர். தயிர் என்றதும் குளிர்ச்சி, லேசு என்று தோன்றும். தயிர் 100 கிராமுக்கு 60 கலோரிதான், அதில் குற்றமில்லை. அந்தத் தயிரில் சர்க்கரை கலந்திருப்பதும், இனிப்புச் சட்னி இன்னும் தாராளமாக விழுவதும், அதற்கு மேலே வழக்கமான சேவும்தான் தட்டை 450 வரை கொண்டுபோகின்றன.

பொரி என்கிற நம்பிக்கை

பேல் பூரியைப் பற்றிய நம்பிக்கை ரொம்ப ஆழமானது. நம் வீடுகளில் பொரி, உடம்பு சரியில்லாதவருக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பது, சரஸ்வதி பூஜைக்குப் படைப்பது, வயிற்றை அடைக்காதது. அந்தப் பெயரை பேல் பூரியும் வாங்கிக்கொண்டது. பொரியைப் பற்றி நினைத்தது சரி. மும்பையில் காகிதக் கூம்பில் நிரப்பித் தரும் பேலில் பொரி 25 கிராம்தான் இருக்கும், நூறு கலோரி. கண்ணுக்கு மலைபோலத் தெரிவதில் பெரும்பங்கு காற்று.

அதனோடு சேர்கிறவற்றைப் பாருங்கள். கலக்கும்போது ஒரு தடவையும், மேலே தூவும்போது ஒரு தடவையுமாகச் சேவ் 20 கிராம், 110. நொறுக்கிப் போட்ட இரண்டு பப்டியும், அள்ளிச் சாப்பிடக் கரண்டிக்குப் பதிலாகச் செருகிய ஒன்றுமாக மூன்று பப்டி, 75. வேர்க்கடலையும் பொரித்த பருப்புமாக 8 கிராம், 40. உருளை 25. இனிப்புச் சட்னி 25 கிராம், 50. வெங்காயம், மாங்காய், பச்சைச் சட்னிக்கு 10. மொத்தம் 410. சேவ் பூரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பொரி அதில் கால் பங்குதான். பொரித்தவையும் கடலையும் சேர்ந்து 225, பாதிக்கு மேல்.

‘அப்படியென்றால் சுக்கா பேல் வாங்கிக்கொள்கிறேன், சட்னி இல்லையே’ என்பது அடுத்த யோசனை. சட்னி போனால் 50 போகிறது, உருளை போனால் 25 போகிறது. ஆனால் ஈரமில்லாத பேலுக்கு ருசி கொடுப்பது சேவும் பருப்பும் கடலையும்தான் என்பதால் வண்டிக்காரர் அந்தப் பக்கம் கையைத் தாராளமாக விடுவார். 15 கிராம் கூடினாலே போன 75 திரும்பி வந்துவிட்டது. வாங்கும்போது டப்பாவிலிருந்து எத்தனை பிடி எதிலிருந்து விழுகிறது என்று பார்த்தால் தெரியும். பொரி இரண்டு பிடி விழுந்து சேவ் ஒரு பிடி விழுந்தால் சரி. பிடிக்குப் பிடி சரிசமமாக விழுந்தால் அது மிக்சரில் கொஞ்சம் பொரி கலந்தது.

பானி பூரி தோற்கும் இடம்

இதையெல்லாம் படித்துவிட்டுப் பானி பூரிதான் நல்லது என்று போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சேவ் பூரி தட்டில் இருக்கிறது. ஆறும் கண்முன் இருக்கிறது, தீர்ந்தால் தீர்ந்தது. பானி பூரி அப்படி வருவதில்லை. தொன்னையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டி ஓட்டை போட்டு, ரக்டா வைத்து, பானைக்குள் முக்கி, ஒவ்வொன்றாக வைக்கிறார். வாயில் இருப்பது இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆறு பூரி முடிய மூன்று நிமிஷம்கூட ஆகாது. சாப்பிட்டது வயிற்றுக்குத் தெரிய அதைவிட நேரம் வேண்டும். இரண்டாவது தட்டு சொல்வது அதனால்தான் அவ்வளவு இயல்பாக நடக்கிறது. பன்னிரண்டு என்றால் 456, சேவ் பூரியைத் தாண்டியாயிற்று.

கடைசியில் கேட்டு வாங்கும் சுக்கா பூரியையும் எண்ண வேண்டும். பானி இல்லாமல், உருளையும் மசாலாவும் வைத்து, சில இடங்களில் கொஞ்சம் இனிப்புச் சட்னியும் சேவும் போட்டுத் தருவது. காசு வாங்குவதில்லை என்பதால் நாமும் கணக்கில் வைப்பதில்லை. சேவ் விழுந்தால் அது 50-ஐ ஒட்டி வரும், பானியோடு சாப்பிட்ட எந்தப் பூரியையும்விடக் கூடுதல்.

பானியைப் பற்றி ஒன்று. அதில் கலோரி இல்லை, உப்பு இருக்கிறது. சாதா உப்பு, கறுப்பு உப்பு, சாட் மசாலா மூன்றும் சேர்ந்து. நாக்குக்குச் சுள்ளென்று இருக்கும் பானியில் நூறு மில்லிக்கு ஒரு கிராம் உப்பு இருந்தால் ஆச்சரியமில்லை. ஆறு பூரியோடு 130 மில்லி உள்ளே போகிறது, முடித்தபின் தொன்னையை நீட்டி வாங்கிக் குடிப்பது தனி. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டியது கலோரியைவிட இதைப் பற்றித்தான். எடை பார்க்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சாட் சாப்பிட்ட மறுநாள் காலை எடை அரைக் கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை. 228 கலோரியோ 450 கலோரியோ அரைக் கிலோ கொழுப்பைக் கொடுக்காது. அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர், ஓரிரு நாளில் இறங்கிவிடும்.

வண்டி முன்னால் நின்று

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. வண்டிக்கு வண்டி பூரியின் அளவு மாறும், கை மாறும். ஒரே வண்டியில் கூட்டமில்லாத மூன்று மணிக்கும், வரிசை நிற்கும் ஏழு மணிக்கும் சேவ் ஒரே அளவில் விழாது. நான் சொன்ன எண்களில் மேலும் கீழும் 20 சதவீதம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சென்னை வண்டிகளில் பானி பூரிக்குள் பெரும்பாலும் பட்டாணி சேர்த்து மசித்த உருளை மசாலாதான், மேலே பச்சை வெங்காயம். உள்ளே வைப்பது சற்றுக் கூடுதல் என்றாலும் அது கிராமுக்கு ஒன்று ரகம் என்பதால் பூரிக்கு நாலைந்து கலோரி கூடும், அவ்வளவே. ஆனால் சில கடைகளில் பானி பூரியின் மேலும் ஓமப்பொடி தூவுகிறார்கள். அங்கே கணக்கு சேவ் பூரி பக்கம் சாய்ந்துவிடும். பேல் பூரியில் கேரட் துருவலும் நிறையத் தக்காளியும் போடும் கடைகள் தட்டின் கொள்ளளவைக் காயால் நிரப்புகின்றன, அது லாபம். கான்பிளேக்ஸ் என்று மஞ்சளாகப் பொரித்ததைச் சேர்க்கும் கடைகளில் அதையும் ஐந்து ரகத்தில் போட வேண்டும்.

ருசி குறையாமல் எதைக் குறைக்கலாம் என்று கேட்டால், என் பதில் சேவில் பாதி. மும்பையில் ‘சேவ் தோடா கம்’ என்றால் போதும், முகம் சுளிக்காமல் செய்வார்கள். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கை டப்பாவுக்குள் போன பிறகு சொல்லிப் பயனில்லை. 418-இல் 75 அங்கேயே போய்விடும். மொறுமொறுப்புக்குப் பப்டி இருக்கிறது, கடைசிவரை நிற்கும். பெரிய குன்றாகப் போட்ட சேவில் அடிப்பகுதி எப்படியும் சட்னியில் ஊறி நமுத்துத்தான் வாய்க்கு வருகிறது, அந்தப் பாதியால் மொறுமொறுப்பும் கிடைப்பதில்லை. இனிப்புச் சட்னியையும் பாதியாக்கினால் 320 பக்கம் வரும், ஆனால் அதை நான் அவ்வளவு தயங்காமல் சொல்ல மாட்டேன். காரமும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நிற்பதுதான் சேவ் பூரி. 24 கலோரிக்காக அந்தச் சமநிலையைக் கெடுத்துவிட்டு, திருப்தியில்லாமல் இன்னொன்று வாங்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். பானி பூரியில் குறைக்க ஒன்றுமில்லை. உருளைக்குப் பதில் ரக்டாவோ முளைப்பயறோ கேட்டால் கலோரி அதேதான், புரதம் கூடும், வயிறும் கொஞ்சம் நேரம் நிற்கும். எண்ணிக்கை தவறுகிறவர்கள் முதல் தட்டுக்கே காசைக் கொடுத்துவிட்டுத் தொன்னையை வாங்கலாம்.

இரண்டு பேராகப் போனால் ஒரு சேவ் பூரியைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு பானி பூரி சாப்பிடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆளுக்கு 209-ம் 228-ம், மொத்தம் 437. சேவ் பூரியை முதலில் முடித்துவிடுங்கள். பானி பூரிக்குப் பின் அதை வாங்கினால், பானியின் காரத்தில் நாக்கு மரத்துப்போயிருக்கும், இனிப்புச் சட்னி இன்னொரு கரண்டி கேட்கத் தோன்றும்.